எரிந்தது ஆறு லட்சம், வந்தது இரண்டரை லட்சம்கூட இல்லை!
கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் கடைகளின் தீக்காப்பீட்டில் கடன் தொகைதான் எழுதப்படுகிறது. சரக்கின் மதிப்பு எழுதப்படுவதில்லை. இதை யார் சரிசெய்வது?

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிவதற்குள் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. டேங்கர் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிய, தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கட்டிய துணியோடு வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாத இறுதியில், இதே திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பெயின்ட் தொழிற்சாலை ஒன்று எரிந்து நான்கு பேர் இறந்தார்கள்.

இரண்டு இடத்திலும் தீ எரிந்த இடத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வந்தாலும் இதே காட்சிதான். இரும்பு உருக்கும் ஆலை, பிளாஸ்டிக் கம்பெனி, ரசாயனக் கிடங்கு. அவற்றை ஒட்டியே தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகள், மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, வெல்டிங் பட்டறை. இங்கே ஒருவர் கடையில் பிடிக்கிற தீ அவர் தவறால்தான் வர வேண்டும் என்பதில்லை.

‘கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்டால், வங்கிக் கடன் வாங்கியவர்களில் பலரும் ‘இருக்கு’ என்பார்கள். ‘எவ்வளவுக்கு?’ என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வங்கிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியின் தீக்காப்பீட்டுச் சிக்கல் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

கடனுக்குத் தைத்த சட்டை

வழக்கமாக நடப்பது இதுதான். கடைக்காரர் வங்கியில் சி.சி. கடன் வாங்குகிறார். கடனுக்கு ஈடு, கடையில் இருக்கும் சரக்கு. அது எரிந்தால் கடன் நிற்கும் என்பதால், வங்கி காப்பீடு எடுக்கச் சொல்கிறது. பிரீமியத்தைக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. படிவத்தில் சரக்கின் காப்பீட்டுத் தொகை என்ற இடத்தில் கடன் வரம்பு எவ்வளவோ அதை எழுதிவிடுகிறார்கள். எட்டு லட்சம் கடன் என்றால் எட்டு லட்சத்துக்குக் காப்பீடு. வங்கியின் கடனுக்கு அது போதும். கடைக்காரரின் சரக்குக்குப் போதுமா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டும் அதே தொகைக்குத் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. கடை வளர்கிறது, சரக்கு இரட்டிப்பாகிறது, பாலிசியில் உள்ள எண் மட்டும் அங்கேயே நிற்கிறது.

சரக்கின் உண்மையான மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகை குறைவாக இருப்பதைக் குறைக்காப்பீடு என்கிறோம். ஏஜென்டுகள் ‘அண்டர் இன்சூரன்ஸ்’ என்பார்கள். இதில்தான் கடைக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். ‘பாலிசி எட்டு லட்சத்துக்கு இருக்கிறது, எரிந்தது ஆறு லட்சம்தான், அப்படியானால் ஆறு லட்சமும் வரும்’ என்று நினைக்கிறார்கள். வராது. பாதிச் சரக்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள் என்றால், எரிந்த ஒவ்வொரு ரூபாயிலும் பாதிதான் கம்பெனியின் பொறுப்பு, மீதிப் பாதி உங்களுடையது என்பது தீக்காப்பீட்டின் பழைய விதி.

ஒரு கடையின் கணக்கு

கும்மிடிப்பூண்டி பஜாரில் எலெக்ட்ரிக்கல், ஹார்டுவேர் பொருள் விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி தீப்பிடிக்கிறது. கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் பார்ப்பது, எரிந்த அன்று கடையில் மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதை. அதற்கு அவர் ஒரு எளிய வழியில் போகிறார். ஏப்ரல் 1 அன்று கணக்கில் இருந்த சரக்கு 14 லட்சம். அதன்பின் தீ பிடித்த நாள் வரை வாங்கியது 36 லட்சம். விற்றது 37.5 லட்சம், இதில் ஐந்தில் ஒரு பங்கு லாபம், ஆக விற்ற சரக்கின் கொள்முதல் விலை 30 லட்சம். பதினான்கும் முப்பத்தாறும் சேர்த்து, முப்பதைக் கழித்தால் மீதி 20 லட்சம். தீ பிடித்த அன்று கடையில் இருந்த சரக்கு அதுதான்.

இதில் நெருப்பு தொடாத சரக்கு 13.5 லட்சம். கருகியது 6.5 லட்சம். கருகியதில் செம்புக் கம்பி, இரும்புச் சாமான் போன்றவை பழைய விலைக்கு 50 ஆயிரம் தேறும், அதைக் கழித்துவிடுவார்கள். ஆக நஷ்டம் 6 லட்சம்.

பாலிசியில் சரக்குக்கு எழுதியிருப்பது 8 லட்சம். இருந்த சரக்கு 20 லட்சம். அதாவது நூற்றுக்கு நாற்பது பங்குதான் காப்பீடு. ஆறு லட்சத்தில் நாற்பது சதவீதம், 2 லட்சத்து 40 ஆயிரம். அதிலும் ‘எக்ஸஸ்’ என்று பாலிசியில் குறிப்பிட்ட ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் கடைக்காரர் தலையில் விழுகிறது. வரும் பணமும் பெரும்பாலும் முதலில் போவது கடன் கணக்குக்கு. காரணம், பாலிசியிலேயே வங்கியின் பெயர் இருக்கும்.

கடை முழுவதுமே எரிந்திருந்தால்? இருபது லட்சமும் போயிருக்கும், எட்டு லட்சம் வந்திருக்கும். அது கடைக்காரருக்கு முன்பே தெரிந்த எல்லை. ஆனால் பெரும்பாலான தீ, தீயணைப்பு வண்டி வந்து பாதியில் அணைக்கிற தீதான். குறைக்காப்பீட்டு விதி யாரும் எதிர்பாராமல் கடிப்பது அந்தப் பாதித் தீயில்.

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதில் ஒரு சலுகையைக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு ஐந்து கோடிக்குள் இருக்கும் கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி. இதில் குறைக்காப்பீடு 15 சதவீதம் வரை இருந்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நம் கடைக்காரர் 17 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால் ஆறு லட்சமும் நஷ்டஈடாக ஏற்கப்பட்டிருக்கும். 16 லட்சம் என்றால் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 4 லட்சத்து 80 ஆயிரம்தான். சின்னத் தவறை மன்னிக்கிற சலுகைதான் இது. நூற்றுக்கு அறுபது குறைவாக எழுதியதை இது காப்பாற்றாது.

எந்த எண்ணை எழுதுவது?

சரக்குக்கு எழுத வேண்டியது கொள்முதல் விலை. விற்பனை விலை அல்ல. லாபம் இதில் சேராது. ஆண்டின் எந்த மாதத்தில் சரக்கு அதிகமாக இருக்குமோ அந்த மாதத்து மதிப்பை எழுத வேண்டும். தீபாவளிக்கு முன் சரக்கு ஏற்றும் ஜவுளிக்கடை, ஆடி மாதத்துக் கணக்கை எழுதினால் ஐப்பசியில் மாட்டிக்கொள்ளும். பாலிசி எடுத்த பிறகும் தொகையைக் கூட்டலாம். கூடுதல் பிரீமியம் கட்டினால் ‘எண்டார்ஸ்மென்ட்’ என்று ஒரு தாள் சேர்த்துத் தருவார்கள்.

இங்கே ஜி.எஸ்.டி. கணக்கும் உண்டு. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை வரவு எடுத்திருப்பீர்கள். அந்தச் சரக்கு எரிந்துபோனால், எடுத்த வரவைத் திருப்ப வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். எனவே வரியையும் சேர்த்துக் காப்பீட்டுத் தொகையை எழுதினால்தான் அந்த நஷ்டத்தையும் கேட்க முடியும்.

கட்டடம், மெஷின், மரச்சாமான், சரக்கு ஒவ்வொன்றுக்கும் தொகை தனித்தனி. குறைக்காப்பீட்டையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். கட்டடத்துக்குக் கூடுதலாக எழுதியதை எடுத்துச் சரக்கின் பள்ளத்தை நிரப்ப முடியாது. முகவரியும் அப்படித்தான். கடை பஜாரில், கிடங்கு பின்தெருவில் என்றால் இரண்டு முகவரியும் பாலிசியில் இருக்க வேண்டும். கிடங்கு எரிந்த பிறகு ‘அதுவும் என் கடைதானே’ என்று சொல்வது எடுபடாது.

வீடுகளுக்கு

வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பாலிசி உண்டு. கடைக்காரரைவிட வீட்டுக்காரரின் நிலை இதில் பரவாயில்லை. வீட்டின் கார்பெட் ஏரியாவைச் சரியாகச் சொல்லி, அதை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கித் தொகை எழுதினால் போதும். குறைக்காப்பீட்டுக் கழிவு கிடையாது. 600 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 13 லட்சத்து 20 ஆயிரம். மனையின் விலையை இதில் சேர்க்கக் கூடாது. மனை எரிவதில்லை; அதற்குப் பிரீமியம் கட்டுவது வீண். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் தராமலேயே சேர்ந்துவிடும். நம் கணக்கில் அது 2 லட்சத்து 64 ஆயிரம். நகைக்கு மட்டும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை. முன்னறையில் கடை, பின்னால் குடித்தனம் என்று இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வீட்டுப் பாலிசி குடியிருக்கும் பகுதிக்குத்தான். முன்னறைக் கடையின் சரக்குக்கு வேறு பாலிசி வேண்டும்.

தீ அணைந்த பிறகு

101-க்கோ 112-க்கோ அழைத்து, ஆட்களை வெளியேற்றி, மெயின் சுவிட்சை அணைத்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, பாலிசியில் உள்ள எண்ணில் கம்பெனிக்குத் தகவல் சொல்வது. மறுநாள் வரை தள்ள வேண்டாம். கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே தகவலை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனி சர்வேயரை நியமிக்க வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024-ஆம் ஆண்டு விதி.

சர்வேயர் வந்து பார்க்கும் வரை எதையும் கூட்டிப் பெருக்கக் கூடாது. எரிந்த கம்பியையும் தகரத்தையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, பிறகு ‘இவ்வளவு எரிந்தது’ என்றால் நிரூபிக்க வழியில்லை. அதே நேரம், நனையாத சரக்கை நனையாமல் ஒதுக்கிவைப்பது உங்கள் கடமை. அதைச் செய்யாமல் விட்டதால் கூடிய நஷ்டத்தைக் கம்பெனி ஏற்காது. ஒதுக்குவதற்கு முன் எல்லா மூலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காகிதங்கள். கிளெய்ம் படிவம், தீயணைப்புத் துறையின் அறிக்கை, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், கொள்முதல் பில், விற்பனைக் கணக்கு, முந்தைய ஆண்டின் ஐந்தொகை. ‘பில்லெல்லாம் எரிந்துவிட்டதே’ என்று கைவிட வேண்டாம். ஜி.எஸ்.டி. தளத்தில் GSTR-2B என்ற பட்டியலில் யார் யாரிடம் என்ன தொகைக்கு வாங்கினீர்கள் என்பது அப்படியே இருக்கும். GSTR-1-இல் நீங்கள் விற்றது இருக்கும். மொத்த வியாபாரிகளிடம் பில் நகல் கேட்டும் வாங்கலாம். மேலே சொன்ன இருபது லட்சக் கணக்கைச் சர்வேயர் போடுவது இவற்றை வைத்துத்தான்.

இங்கே பலர் சொல்லத் தயங்கும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். கடன் வரம்பு குறையாமல் இருக்க, வங்கிக்குத் தரும் மாதாந்தர ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கைக் கூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. பதினைந்து லட்சம் சரக்கை இருபத்தைந்து என்று எழுதியவருக்குத் தீ பிடித்தால், அந்தத் தாளும் சர்வேயர் மேஜைக்கு வரும். இருபத்தைந்து உண்மை என்றால் காப்பீடு இன்னும் குறைவு, கழிவு இன்னும் அதிகம். பொய் என்றால் உங்கள் மற்ற கணக்கையும் நம்பமாட்டார்கள். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கே.

தீ எப்படி வந்தது என்பதை வைத்து கிளெய்மை இழுத்தடிப்பதும் நடக்கிறது. ‘மின்கசிவா, வேறு காரணமா என்பது தெளிவாகவில்லை’ என்பார்கள். ஷார்ட் சர்க்யூட்டில் தானே கருகிய மோட்டாருக்கோ மீட்டர் போர்டுக்கோ இந்தப் பாலிசியில் பணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து பரவிய தீ எரித்த சரக்குக்கு உண்டு. முடித் ரோட்வேஸ் என்ற நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் இதைத் தெளிவாக்கியது. தீயைக் காப்பீடு எடுத்தவரே மூட்டவில்லை என்றால், அது எதனால் பிடித்தது என்பது நஷ்டஈட்டுக்கு முக்கியமல்ல என்றது. இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருப்பது கடைக்காரருக்குப் பலம்.

சர்வே அறிக்கை கைக்கு வந்தபின் 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலை நீங்கள் எழுதிக் கேட்டு வாங்குங்கள். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். தொகை குறைவு என்று தோன்றினால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனிநபர்கள் மட்டுமல்ல, தனி உரிமையாளர் நடத்தும் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும்

கடைக்காரர் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிட முடியாது. பாலிசியை எடுத்தது வங்கி, படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், தாள் இருப்பது வங்கி அலமாரியில். எண்ணைத் தேர்ந்தெடுக்காத ஒருவர்தான் அந்த எண்ணின் நஷ்டத்தைச் சுமக்கிறார். இது மாற வேண்டும்.

முதலில் வங்கிகள். பிரீமியத்தைப் பிடிக்கிற அன்றே பாலிசி நகலைக் கடைக்காரரிடம் கொடுத்து, அவர் கையெழுத்தோடு ‘இன்றைய சரக்கு மதிப்பு இவ்வளவு, காப்பீடு இவ்வளவு’ என்று இரண்டு எண்ணையும் ஒரே தாளில் பதிவு செய்ய வேண்டும். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கும் வங்கிக்கு இரண்டும் கையில்தான் இருக்கின்றன. புதுப்பிக்கும்போது இரண்டுக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பிரீமியத்தைப் பிடிப்பதற்கு முன் ஒரு போன் செய்து சொல்வது பெரிய வேலை அல்ல.

அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிகள். பாலிசியின் முதல் பக்கத்தைத் தமிழில் தர வேண்டும். எந்த முகவரிக்கு, எந்தப் பொருளுக்கு, எவ்வளவு, குறைவாக எழுதினால் என்ன ஆகும் என்ற நான்கு விஷயம் போதும். இந்தக் கட்டுரையில் உள்ள எட்டு லட்சம், இருபது லட்சம் போன்ற ஒரு கணக்கை அதில் அச்சடித்தால், படிக்கிற எவரும் தன் தொகையைச் சரிபார்க்காமல் இருக்கமாட்டார்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதும் பெரிதல்ல. மாவட்டத் தொழில் மையமும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் பாலிசி சரிபார்ப்பு முகாம் நடத்தலாம். கடைக்காரர் தன் பாலிசியைக் கொண்டுவர, கம்பெனி அலுவலர் தொகையைப் பார்த்து அங்கேயே எண்டார்ஸ்மென்ட் போட்டுத் தரலாம். தீபாவளிச் சரக்கு ஏறுவதற்கு முன், ஆவணியில் நடத்தினால் பயன் அதிகம். தீ விபத்துக்குப் பின் தீயணைப்பு அறிக்கை எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் ஒவ்வொரு நிலையத்தின் பலகையிலும் எழுதிவைக்க வேண்டும். அந்தத் தாளுக்காகக் கடைக்காரர் அலைகிற ஒவ்வொரு வாரமும் பூட்டிய கடைக்கு வாடகையும் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் நடக்கும் வரை கடைக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. வங்கிக்குப் போய்ப் பாலிசி நகலைக் கேளுங்கள். கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. சரக்குக்கு நேரே உள்ள எண்ணையும், உங்கள் கடையில் இப்போது இருக்கும் சரக்கின் கொள்முதல் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எண் இரண்டாவதில் 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அன்றைக்கே எண்டார்ஸ்மென்ட் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.